குறைந்த எடையில் பிறந்த குழந்தை பருமனாகும்போது: பிற்கால உயர் ரத்த அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வயதில் வரும் பிரஷருக்கும் பிறந்தபோது இருந்த எடைக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் தொடர்பு முதலில் பழைய பதிவேடுகளிலிருந்துதான் தெரிய வந்தது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், எத்தெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதார அதிகாரியின் மேற்பார்வையில், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையும், அதே குழந்தை ஒரு வயதை எட்டியபோது இருந்த எடையும் எழுதி வைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த மருத்துவர் டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அந்த ஏடுகளில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, யார் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தனர். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்களிடையே மாரடைப்பு மரணம் அதிகமாக இருந்தது. 1990-இல் வெளியான ஆய்வில் அதே குழு, பிரெஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 1935-க்கும் 1943-க்கும் இடையே பிறந்து நடுத்தர வயதை அடைந்திருந்தவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்தது. எடை குறைவாகவும், அந்த எடைக்குப் பொருந்தாத அளவு பெரிய நஞ்சுக்கொடியோடும் பிறந்தவர்களுக்கு அழுத்தம் மிகுதியாக இருந்தது.

இந்த ஆய்வுகள் சொல்வது ஒரு சாய்வைத்தான். குறைந்த எடையில் பிறந்த பலருக்கு வாழ்நாள் முழுவதும் அழுத்தம் சீராகவே இருக்கிறது. பிறந்த எடை மட்டும் ஒருவருடைய அழுத்தத்தை முடிவு செய்வதில்லை. அதற்குப் பின் வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எடை எந்த வழியில் ஏறியது என்பதோடு சேரும்போதுதான் அதன் பொருள் முழுமையாகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையைப் பற்றியவை.

எவ்வளவு எடை இருந்தால் குறைவு என்று கணக்கு?

2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைந்த பிறப்பு எடை என்றும், 1.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் மிகக் குறைந்த பிறப்பு எடை என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 33 வாரத்தில் பிறந்த 2 கிலோ குழந்தை தன் காலத்துக்கு ஏற்ற எடையோடு முன்கூட்டியே வந்த குழந்தை. 39 வாரத்தில் பிறந்த 2 கிலோ குழந்தையோ கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காமல் வளர்ச்சி குன்றிய குழந்தை. இரண்டுக்கும் பிற்காலத்தில் அழுத்தம் உயரும் வாய்ப்பு கூடுதல்தான் என்றாலும், அதற்கான வழிகள் ஓரளவு வேறுபடுகின்றன. ஆகவே தாய் சேய் நல அட்டையில் எடையோடு கர்ப்ப வாரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தடுப்பூசிகள் முடிந்ததும் அதைத் தொலைத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் கேட்கும்போது அந்த இரண்டு எண்களும் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

குழந்தை சின்னதாகப் பிறந்தால் உடம்புக்குள் எந்த உறுப்பு பாதிக்கப்படுகிறது?

பல உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன. ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சராசரியாகப் பத்து லட்சம் அளவில் இருக்கின்றன. ஆனால் மனிதருக்கு மனிதர் இந்த எண்ணிக்கை பல மடங்கு வேறுபடுகிறது. இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உருவாகின்றன, ஏறத்தாழ 36-ஆவது வாரத்தோடு இந்த உருவாக்கம் நின்றுவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன் பிறகு ஒரு நெஃப்ரான்கூடப் புதிதாகச் சேர்வதில்லை. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த பின்னும் சில வாரங்கள் இவை உருவாகின்றன, ஆனால் அவற்றில் ஒரு பகுதி சரியான வடிவம் பெறுவதில்லை. கருவுக்கு ஊட்டம் குறையும்போது உடல் மூளைக்குச் செல்லும் ரத்தத்தை முடிந்தவரை காப்பாற்றுகிறது. அதற்கு விலை கொடுக்கும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்தில் சுமார் இரண்டரை லட்சம் நெஃப்ரான்கள் கூடுதலாக இருப்பதாக, இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் அழுத்தம் ஏன் உயர வேண்டும் என்பதற்கு 1988-இல் சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னர் ஒரு விளக்கம் தந்தார். ஆள் குறைந்த பட்டறையில் மீதிப் பேர் தலையில் வேலை விழுவது போல, இருக்கும் ஒவ்வொரு நெஃப்ரானும் கூடுதல் ரத்தத்தை வடிகட்ட வேண்டியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் முடிச்சு பெருக்கிறது, அங்கே அழுத்தம் ஏறுகிறது, உப்பை வெளியேற்றும் திறன் குறைகிறது. உப்பை வெளியேற்ற உடல் முழுவதற்குமான அழுத்தம் சற்று உயர வேண்டியிருக்கிறது. அந்த உயர்வு மீதமிருக்கும் நெஃப்ரான்களை மேலும் தேய்க்கிறது. சில நெஃப்ரான்கள் வடுவாகிச் செயலிழக்க, மிஞ்சியவற்றின் பாரம் இன்னும் கூடுகிறது.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று 2003-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. விபத்தில் இறந்த நடுத்தர வயதினரில், உயர் ரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேரையும், வயது, பால், உயரம், எடை ஆகியவற்றில் அவர்களுக்கு இணையாக, அழுத்தம் இயல்பாக இருந்த பத்துப் பேரையும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணினார்கள். அழுத்தம் உயர்ந்திருந்தவர்களிடம் நடு மதிப்பு சுமார் ஏழு லட்சம். மற்றவர்களிடம் சுமார் பதினான்கு லட்சம். குறைவாக இருந்தவர்களின் நெஃப்ரான் முடிச்சுகள் அளவில் பெரியவையாகவும் இருந்தன. பிரென்னர் எதிர்பார்த்ததும் அதுவே. இருபது பேர் மட்டுமே கொண்ட ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் இவ்வளவு நேரடியாக எண்ணிப் பார்த்த சான்று இந்தத் துறையில் அரிது.

பிறந்த பிறகு நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறினால் அந்தக் குறை சரியாகிவிடாதா?

உடல் தேறும், நெஃப்ரான்களின் எண்ணிக்கை தேறாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சிறிய உடலுக்காக அமைந்த சிறுநீரகம் பிறகு எவ்வளவு பெரிய உடலுக்குப் பணி செய்ய வேண்டியிருக்கிறது என்பதே அடுத்த கேள்வியாகிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1934-க்கும் 1944-க்கும் இடையே பிறந்தவர்களுக்குப் பிறப்பு எடை மட்டுமல்லாமல், குழந்தைநல மையங்களிலும் பள்ளிகளிலும் தொடர்ந்து எடுக்கப்பட்ட உயரமும் எடையும் பதிவாகியிருந்தன. அவர்களில் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்க நேர்ந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்தபோது, அவர்கள் சிறியவர்களாகப் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் மற்றவர்களைவிட வேகமாக உடல் பெருத்தவர்கள் என்று தெரிந்தது.

நம் நாட்டில் இதே போக்கை வேறொரு கோணத்தில் காட்டியது டெல்லிப் பிறப்புக் குழு. 1969-க்கும் 1972-க்கும் இடையே தெற்கு டெல்லியில் பிறந்தவர்களைக் குழந்தையிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு அது. இளம் வயதிலேயே சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தவர்கள், இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன் பின் பன்னிரண்டு வயதுவரை படிப்படியாகச் சதை போட்டவர்கள். அந்தப் பன்னிரண்டு வயதில் அன்றைய உலக அளவுகோலின்படி அவர்களில் எவரும் பருமனானவர் என்ற வரையறைக்குள் வரவில்லை என்பதுதான் 2004-இல் வெளியான அந்தக் கட்டுரையில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி. டெல்லி உள்பட ஐந்து நாடுகளின் பிறப்புக் குழுக்களை இணைத்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு ரத்த அழுத்தத்தையும் நேரடியாகப் பார்த்தது. இரண்டு வயதுக்குப் பிறகு உயரத்துக்கு ஏற்றதைவிட வேகமாக ஏறிய எடை, பெரியவர்களானபோது உயர்ந்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தது.

குண்டாக இருந்தால் பிரஷர் ஏன் ஏற வேண்டும்? கொழுப்பு என்ன செய்கிறது?

கொழுப்புத் திசு லெப்டின் என்ற சுரப்பை வெளியிடுகிறது. அது மூளையின் வழியாகப் பரிவு நரம்புகளைத் தூண்ட, அந்த நரம்புகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்கின்றன. பருமனான குழந்தையின் ரத்தத்தில் இன்சுலின் மிகுதியாக இருக்கும். அதுவும் உப்பைத் தேக்குகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றிலும் அழுத்துகிறது. இவற்றோடு, பெரிய உடலின் கழிவையும் உப்பையும் வெளியேற்ற ஒவ்வொரு நெஃப்ரானும் கூடுதலாக வடிகட்டியாக வேண்டும். ஏற்கெனவே நெஃப்ரான் குறைவாக உள்ள குழந்தையிடம் இந்த நான்கும் ஒன்றுசேர்வதால், அதே அளவு கொழுப்பு அந்தக் குழந்தைக்குக் கூடுதல் சுமையாகிவிடக்கூடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புணே அருகே ஆறு கிராமங்களில் மருத்துவர் யாக்னிக் குழு நடத்திய ஆய்வில், சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்த குழந்தைகளை, சவுத்தாம்ப்டனில் சராசரியாக 3.5 கிலோ எடையில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லியாகத் தெரியும் குழந்தையின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், கண் அளவை நம்புவது நம் குழந்தைகளிடம் ஆபத்தானது.

அப்படியானால் எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பாலைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமா?

கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை வளர்ந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன ஐந்து நாட்டு ஆய்விலேயே, முதல் இரண்டு ஆண்டுகளில் நன்றாக உயரம் கூடிய குழந்தைகள் பெரியவர்களானபோது உயரமாகவும், கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருந்தார்கள். எடை குறைந்து பிறந்த சிசுவுக்கு நோய்த்தொற்றால் வரும் ஆபத்து உடனடியானது, பெரியது. நாற்பது வயதில் வரக்கூடிய அழுத்தத்துக்குப் பயந்து இன்று அதைப் பட்டினி போடுவது கொடுமை.

கவனிக்க வேண்டியது எதைக் கொண்டு எடை ஏற்றுகிறோம் என்பதைத்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; மிகச் சிறிய குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கூடுதல் ஊட்டம் இருந்தால் அதுவும். இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குத் தானமாகப் பெற்ற தாய்ப்பாலும் மற்றப் பகுதிக்குப் பால்மாவும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு 13 முதல் 16 வயது ஆனபோது, தாய்ப்பால் பெற்றவர்களின் சராசரித் தமனி அழுத்தம் சுமார் 4 மி.மீ. குறைவாக இருந்தது. இதை எல்லாக் குழந்தைகளுக்கும் நீட்டிச் சொல்ல முடியாது. நிறைமாதக் குழந்தைகளிடம் தாய்ப்பாலின் விளைவு அழுத்தத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

ஆறு மாதத்துக்குப் பின் பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரதம் உள்ள உணவுகள் உயரத்துக்கும் தசைக்கும் உதவும். உடம்பு தேற வேண்டும் என்று சர்க்கரை சேர்த்த சத்துமாவும் பிஸ்கட்டும் ஊட்டினால் எடை ஏறும், உயரம் அந்த வேகத்தில் ஏறாது. இரண்டு வயதுக்குப் பிறகும் அதே ஊட்டலைத் தொடர்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு.

என் பையன் வயதுக்கு ஏற்ற எடையில்தான் இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு நாள் எடுத்த எடையை வைத்துச் சொல்ல முடியாது. உயரத்தையும் எடையையும் சேர்த்து பி.எம்.ஐ. கணக்கிட வேண்டும், எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அது கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரே வரம்பு போதும். குழந்தைகளுக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப வரம்பு மாறுவதால் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடத்தில், பெரியவர்களின் பி.எம்.ஐ. 23-க்கும் 27-க்கும் சமமான இரண்டு கோடுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் கோட்டைத் தாண்டினால் மிகை எடை, இரண்டாவதைத் தாண்டினால் பருமன்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 37 வாரத்தில் 2.1 கிலோ எடையில் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தைப் பயன்படுத்துகிறேன். இரண்டு வயதில் உயரம் 84 செ.மீ., எடை 10.4 கிலோ, பி.எம்.ஐ. 14.7. அந்த வயதின் நடுக்கோடு 16. ஆகவே அவன் சராசரிக்கு ஒரு படி கீழே, ஒல்லியான பிள்ளையாக இருக்கிறான். நான்கு வயதில் 98 செ.மீ., 14.5 கிலோ, பி.எம்.ஐ. 15.1, கிட்டத்தட்ட நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். ஆறு வயதில் 112 செ.மீ., 21 கிலோ, பி.எம்.ஐ. 16.7. மிகை எடைக் கோடு 16.8-இல் இருப்பதால் இன்னும் ‘இயல்பு’ என்றே பள்ளிப் பரிசோதனை அட்டையில் எழுதுவார்கள். ஒன்பது வயதில் 130 செ.மீ., 37 கிலோ, பி.எம்.ஐ. 21.9. பருமன் கோடு சுமார் 20.5, அதைத் தாண்டிவிட்டான்.

வீட்டிலும் பள்ளியிலும் கவலை தொடங்குவது ஒன்பது வயதில். ஆனால் இதைக் கண்டிருக்க வேண்டியது நான்கு வயதிலும் ஆறு வயதிலும். பொதுவாகக் குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குப் பின் பி.எம்.ஐ. மெல்லக் குறைந்து, ஐந்து ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பிறகே மீண்டும் ஏறும். இந்தப் பையனுக்கு இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையிலேயே ஏற்றம் தொடங்கிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடு வீதம் மேலே கடந்துகொண்டிருந்தான், ஒவ்வொரு முறையும் ‘இயல்பு’ என்ற எல்லைக்குள் இருந்தபடியே. என் பார்வையில், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைவிட எத்தனை கோடுகளைக் கடந்து மேலே வந்திருக்கிறது என்பதே முக்கியம். அதற்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது உயரமும் எடையும் எடுத்து ஒரே நோட்டில் எழுதி வந்தால் போதும்.

சின்னக் குழந்தைக்கெல்லாம் பிரஷர் பார்ப்பார்களா? எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி, எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று வயது முதல் ஆண்டுக்கு ஒரு முறை அளக்கச் சொல்கிறது. பருமனான குழந்தைக்கு மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள், தொப்புள் ரத்தக்குழாயில் குழாய் செருகிச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு மூன்று வயதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே தொடங்க வேண்டும். தொப்புள் தமனியில் குழாய் இருந்த குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகத் தமனியில் ரத்தம் உறைந்திருக்கலாம். அது முற்றிலும் வேறு வகை அழுத்தம், உடனே கண்டறிய வேண்டியது.

அளக்கும்போது நடக்கும் பெரிய பிழை கையில் சுற்றும் பட்டையின் அளவில் வருகிறது. பட்டைக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம், மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவில் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும்; அதன் நீளம் அந்தச் சுற்றளவில் 80 முதல் 100 விழுக்காடு வரை இருக்க வேண்டும். மேலே சொன்ன ஒன்பது வயதுப் பையனின் கைச் சுற்றளவு 25 செ.மீ. என்று கொள்வோம். அவனுக்கு அகலம் 10 செ.மீ., நீளம் 20 செ.மீ.க்குக் குறையாத பை தேவை. ‘குழந்தைகளுக்கானது’ என்று எழுதிய பட்டையில் பை பெரும்பாலும் 9 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளம்தான், அவன் சிறுவன் என்பதற்காக அதைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அவனுக்குப் பொருந்துவது ‘சிறிய பெரியவர்’ அளவுப் பட்டை. மாறாக, பெரியவர்களின் வழக்கமான பட்டையை மெலிந்த கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

குழந்தை மூன்று முதல் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வலக்கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடித்து அளக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு 107/70 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதல் சோதனை தேவை என்கிறது அந்த வழிகாட்டியின் எளிய அட்டவணை. பெரியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் 112/72 என்ற அளவு இந்தப் பையனுக்கு இயல்பென்று ஒதுக்கக்கூடியதல்ல. உயரத்தையும் சேர்த்து விரிவான அட்டவணையில் பார்க்க வேண்டும். தானியங்கிக் கருவி உயர்வாகக் காட்டினால், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வெவ்வேறு மூன்று வருகைகளிலும் உயர்ந்திருந்தால் மட்டுமே குழந்தைக்கு உயர் ரத்த அழுத்தம் என்று பெயரிட வேண்டும். ஒரே ஓர் அளவை வைத்து மருந்து தொடங்குவதும், குழந்தைக்கு எங்கே பிரஷர் வரும் என்று அளக்காமலே அனுப்புவதும் சம அளவு தவறானவை.

ஏற்கெனவே குண்டாகிவிட்டான். இனி என்ன செய்தும் பயனில்லையா?

பயன் இருக்கிறது, அதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு, ஆஸ்திரேலியாவில் ஒன்று, பின்லாந்தில் ஒன்று என நான்கு நீண்டகால ஆய்வுகளில் சேர்ந்திருந்த 6,328 பேரை, குழந்தைப் பருவத்திலிருந்து சராசரியாக 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 2011-இல் வெளியாயின. பிள்ளைப் பருவத்தில் எடை மிகுந்திருந்து பெரியவர்களானபோதும் பருமனாகவே இருந்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, இரு காலத்திலும் இயல்பாக இருந்தவர்களைவிட 2.7 மடங்கு. பிள்ளைப் பருவத்தில் எடை மிகுந்திருந்தும் பெரியவர்களாவதற்குள் பருமன் நீங்கியவர்களுக்கோ அந்த வாய்ப்பு ஏறத்தாழ எப்போதும் பருமனாக இல்லாதவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது.

அந்தப் பையனிடம் திரும்புவோம். அவன் எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. உயரம் கூடிக்கொண்டிருப்பதால் எடையைப் பிடித்து நிறுத்தினாலே போதும். ஆண்டுக்கு ஐந்தரை செ.மீ. வளர்ந்தால் பதினோரு வயதில் 141 செ.மீ. இருப்பான். அப்போதும் 37 கிலோவாகவே இருந்தால் பி.எம்.ஐ. 18.6 ஆகிவிடும், அந்த வயதின் மிகை எடைக் கோடு சுமார் 19.2. மூன்று கிலோ ஏறி 40 கிலோ ஆனாலும் 20.1-தான், மிகை எடை என்றாலும் பருமன் கோட்டுக்கு வெகுவாகக் கீழே வந்திருப்பான். இரண்டு ஆண்டில் மூன்று கிலோ என்ற இலக்கை ஒரு குடும்பம் எட்ட முடியும். பள்ளி விட்டு வந்ததும் கொடுக்கும் முறுக்கு, மிக்சர், பாக்கெட் சிப்ஸ், குளிர்பானம் ஆகியவற்றை அறவே மாற்றுவதும், மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடவிடுவதும் இதற்கு முதல் வழி. அப்பளமும் ஊறுகாயும் தினமும் தட்டில் வராமல் பார்த்துக்கொள்வது அழுத்தத்துக்குத் தனியாக உதவும்; நெஃப்ரான் குறைந்த சிறுநீரகத்துக்கு மிஞ்சிய உப்பை வெளியேற்றுவதே கடினம்.

பிறந்த எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது மிகையில்லையா? எல்லாம் பரம்பரை என்கிறார்களே?

நியாயமான ஐயம். 2000-ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு, பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் பிற்காலத்தில் மேல் அழுத்தம் சுமார் 2 மி.மீ. குறையும் என்றது. இரண்டே ஆண்டில் அதே ஆய்வாளர்களில் ஒருவர் வேறு சிலரோடு சேர்ந்து மறுபடி அலசி, சிறிய ஆய்வுகளே பெரிய விளைவைக் காட்டுவதையும், பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அது அரை மி.மீ. அளவுக்குச் சுருங்குவதையும் எடுத்துக்காட்டினார்கள். மரபணுக்களைப் பற்றிய 2019 ஆய்வு ஒன்று, குழந்தை பெறும் சில மரபணுக்களே எடையைக் குறைக்கவும் பிற்கால அழுத்தத்தை உயர்த்தவும் செய்வதால் இந்தத் தொடர்பின் பெரும்பகுதி மரபுவழி வந்ததாக இருக்கலாம் என்றது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்வீடனின் இரட்டையர் ஆய்வு நிற்கிறது: ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில்கூட, எடை குறைந்து பிறந்தவருக்கே பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் கூடுதலாக வந்தது. கர்ப்பிணி எலிகளுக்குப் புரதத்தைப் பாதியாகக் குறைத்தாலே குட்டிகளுக்கு நெஃப்ரான் குறைந்து அழுத்தம் உயர்வதும் சோதனைக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

ஆகவே மரபும் கருப்பைச் சூழலும் இரண்டுமே பங்கெடுக்கின்றன என்று கொள்வதே பொருத்தம். பிறப்பு எடையின் தனி விளைவு சிறியது. பிள்ளைப் பருவப் பருமனின் விளைவு அதைவிடப் பெரியது, நம்மால் மாற்றக்கூடியதும் அதுதான்.

கர்ப்பமாக இருந்தபோது நான் சரியாகச் சாப்பிடாததால்தான் இப்படி ஆனதா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வருந்தும் தாய்மார்கள் பலர். குழந்தையின் எடை, தாய் ஒன்பது மாதம் சாப்பிட்டதைக் கொண்டு மட்டும் அமைவதில்லை. தாயின் உயரம், கருவுறுவதற்கு முன் இருந்த எடை, ரத்தசோகை, முதல் பிரசவமா என்பது, கர்ப்பகாலத்தில் வந்த உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி பதிந்த விதம், வீட்டில் பிறர் பிடித்த புகை என இவை அனைத்தும் சேர்கின்றன. தாயின் உயரமோ அவருடைய சொந்தக் குழந்தைப் பருவத்தில் கிடைத்த உணவைப் பொறுத்தது. ஒரு பெண்ணின் மேல் பழி போட இதில் இடமில்லை.

நானே 1.9 கிலோவில் பிறந்தவள். இப்போது 34 வயது. நான் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பாருங்கள். அதோடு, சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்ற சோதனையையும் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் ஒரு முறையாவது செய்து வைத்துக்கொள்ளுங்கள். நெஃப்ரான்கள் அளவுக்கு மீறி உழைப்பது கிரியாட்டினினில் தெரிவதற்கு வெகு முன்பே சிறுநீர் அல்புமினில் தெரியும். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்குவதைத் தவிருங்கள். அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைப்பதோடு உப்பையும் தேக்குகின்றன.

கருத்தரிக்க எண்ணினால், குறைந்த எடையில் பிறந்த பெண்களுக்குக் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் பிறப்பு எடையை முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்தால், ஆபத்து உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று அவர்கள் முடிவெடுக்க நேரம் இருக்கும். பதினாறாவது வாரத்துக்குப் பின் தொடங்கினால் அதன் பயன் குறைகிறது.